தயிர் உறைய எவ்வளவு நேரம்? கோடைக்கும் குளிருக்கும் உள்ள கணக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோடையில எத்தனை மணி நேரம், குளிர்ல எத்தனை மணி நேரம்? நேரடியா சொல்லுங்க.

அரை லிட்டர் பால், ஒரு டீஸ்பூன் நல்ல உறைமோர், மூடிய எவர்சில்வர் பாத்திரம் என்று வைத்துக்கொள்வோம். சமையலறை 32 முதல் 35 டிகிரி செல்சியஸ் வரை இருந்தால் 4 முதல் 6 மணி நேரத்தில் உறைந்துவிடும். 28 டிகிரி என்றால் 6 முதல் 8 மணி. 22–24 டிகிரிக்கு இறங்கினால் 10 முதல் 12 மணி. 18 டிகிரிக்குக் கீழே போனால் 15 மணி நேரம் தாண்டும். அப்படியே திறந்த மேடையில் விட்டால் பல நாட்களில் ஒழுங்காக உறையவே உறையாது.

இங்கே பார்க்க வேண்டியது அடுப்பங்கரைக்குள் இருக்கும் சூட்டை. வானிலை அறிக்கையில் சொல்லும் எண் இதற்கு உதவாது. வெளியே 38 டிகிரி கொளுத்தினாலும், ஏசி ஓடும் கூடத்தில் உறை ஊற்றி வைத்தால் அந்தப் பாத்திரத்துக்கு அது குளிர்காலம்தான். கோடையில் திடீரென்று தயிர் தாமதமாகிறது என்பவர்கள் முதலில் பாத்திரம் இருக்கும் இடத்தைப் பாருங்கள்.

ரெண்டு காலத்துலயும் பாலை ஒரே சூட்டுலதான் உறை ஊத்துறேன். அப்புறம் ஏன் இவ்வளவு வித்தியாசம்?

உறை ஊற்றும் நேரத்துச் சூடு முதல் ஒன்றிரண்டு மணி நேரத்துக்குத்தான் துணை நிற்கும். அதன்பிறகு பால் அறையின் சூட்டுக்கு இறங்கிவிடும். நேரத்தைத் தீர்மானிப்பது அந்தப் பிந்தைய சூடுதான்.

எவர்சில்வர் பாத்திரத்தில் அரை லிட்டர் பாலை 40 டிகிரியில் உறை ஊற்றி, 20 டிகிரி இருக்கும் சமையலறையில் வைத்தால், ஒன்றரை மணி நேரத்தில் அது ஏறக்குறைய 27 டிகிரிக்கு வந்துவிடும். மூன்று மணி நேரத்தில் 23 டிகிரி. இரவு முழுவதும் மிச்ச நேரத்தை 20–21 டிகிரியிலேயே கழிக்கும். அதே பாத்திரம் 34 டிகிரி சமையலறையில் இருந்தால், 40-லிருந்து 34-க்கு இறங்கி அங்கேயே நிற்கும். அதாவது உறையும் நேரம் முழுக்கப் பாக்டீரியாவுக்குப் பிடித்த சூடு.

உறைமோரில் இருக்கும் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் பாலின் சர்க்கரையான லாக்டோஸைத் தின்று லாக்டிக் அமிலத்தை விடுகின்றன. பாலின் பி.எச். அளவு சுமார் 6.6. அமிலம் ஏற ஏற இந்த அளவு இறங்கும். 5.2-க்கு அருகில் வரும்போது பாலிலுள்ள கேசின் புரதம் ஒன்றோடொன்று பிடித்துக்கொள்ளத் தொடங்கும். 4.6-ஐ நெருங்கும்போது தயிர் கெட்டியாக நிற்கும். ஆகவே தயிர் உறையும் நேரம் என்பது, போதுமான அமிலம் சேர எடுக்கும் நேரம். பாக்டீரியாக்கள் 30–35 டிகிரியில் ஒரு மணி நேரத்துக்குள்ளேயே இரட்டிப்பாகும். 20 டிகிரியில் அதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு டீஸ்பூன் உறைமோரிலிருந்து பால் முழுக்கப் பெருகுவதற்குப் பல தடவை இரட்டிப்பாக வேண்டும். ஒவ்வொரு தடவையும் சேரும் அந்தக் கூடுதல் ஒரு மணி நேரம்தான் காலையில் உறையாத பாலாக நம் முன் நிற்கிறது.

ஒரு லிட்டர், இரண்டு லிட்டர் என்று பெரிய பாத்திரத்தில் உறை ஊற்றுபவர்களுக்குக் குளிரிலும் ஓரளவு சீக்கிரம் உறைவது இதனால்தான். பால் அதிகமாக இருந்தால் மெதுவாகத்தான் ஆறும். ஒரு டம்ளர் பாலில் தனியாக உறை ஊற்றினால் இன்னும் சீக்கிரமே குளிர்ந்துபோகும்.

பால் எவ்வளவு சூடா இருக்கும்போது ஊத்தணும்? தெர்மாமீட்டர் இல்லாம எப்படித் தெரியும்?

கோடையில் 35 டிகிரி போதும், இரவில் ஊற்றுவதாக இருந்தால் அதற்கும் கீழே. குளிரில் 42–43 டிகிரி. 45-ஐத் தாண்ட வேண்டாம். வீட்டு உறைமோரில் இருக்கும் பாக்டீரியாக்களில் பெரும்பகுதி மிதமான சூட்டில் வளரும் வகை. 45-க்கு மேல் அவை தளர்ந்துபோகும், 50-க்கு மேல் நிறையச் செத்துவிடும். குளிர்காலத்தில் "கொஞ்சம் சூடாவே ஊத்துவோம்" என்று ஆவி பறக்கும் பாலில் ஊற்றிவிட்டு, குளிரால்தான் உறையவில்லை என்று நினைப்பவர்கள் நிறையப் பேர். உண்மையில் அங்கே உறைமோர் வெந்துவிட்டது.

விரலை நன்றாகக் கழுவித் துடைத்துவிட்டு, பாலைக் கலக்கி, சுண்டுவிரலை உள்ளே விடுங்கள். 10 எண்ணும்வரை சுகமாக வைத்திருக்க முடிந்து, உடம்புச் சூட்டைவிடக் கொஞ்சம் அதிகம் என்று தோன்றினால் 40-ஐ ஒட்டி இருக்கிறது. சுடவும் இல்லை, குளிரவும் இல்லை, விரல் பாலில் இருப்பதே தெரியவில்லை என்றால் 35 அளவில் இருக்கிறது. 5 எண்ணுவதற்குள் விரலை எடுக்கத் தோன்றினால் இன்னும் பொறுக்க வேண்டும். கலக்காமல் விரல் வைத்தால் ஏமாற்றும். ஆடைக்குக் கீழே நடுப்பால் மேல்பாலைவிடச் சூடாக இருக்கும்.

குளிர்காலத்துல உறைமோரை அதிகமா ஊத்தினா சீக்கிரம் உறையுமா?

கொஞ்சம் உதவும், நினைக்கிற அளவுக்கு உதவாது. ஒரு டீஸ்பூனுக்குப் பதில் இரண்டு டீஸ்பூன் ஊற்றினால், பாக்டீரியாக்களுக்கு ஒரே ஒரு தடவை இரட்டிப்பாகும் வேலைதான் குறைகிறது. கோடையில் அது ஒரு மணி நேரத்துக்கும் குறைவு, 20 டிகிரியில் இரண்டு மணி நேரத்தைச் சற்றுத் தாண்டும். பால் 15–16 டிகிரிக்குக் குளிர்ந்துவிட்டால் எத்தனை கரண்டி ஊற்றினாலும் வேலை ஏறக்குறைய நின்றுவிடும்.

அரை லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன், மிஞ்சிப்போனால் மூன்று. அதற்குமேல் ஊற்றினால் பழைய புளிப்பும் சேர்ந்து வருகிறது. தயிரும் வழவழப்பாக இல்லாமல் குருணையாகத் தட்டுகிறது. அளவைக் கூட்டுவதைவிட உறைமோரின் தரத்தைப் பாருங்கள். நேற்று அல்லது முந்தாநாள் உறைந்த, அதிகம் புளிக்காத தயிரின் நடுவிலிருந்து எடுங்கள். மேலே நிற்கும் தண்ணீரை எடுக்காதீர்கள். ஃப்ரிட்ஜில் ஒரு வாரம் கிடந்த தயிரில் உயிரோடு இருக்கும் பாக்டீரியா குறைவு, இருப்பவையும் விழித்துக்கொள்ள நேரம் எடுக்கும். குளிர்காலத்தில் அந்தத் தாமதம் மட்டுமே இரண்டு மணி நேரத்தை விழுங்கிவிடும். உறை ஊற்றுவதற்கு அரை மணி முன்பே வெளியே எடுத்து வைத்துவிடுங்கள்.

ஊட்டியில இருக்கோம். ஜனவரியில ராத்திரி ஊத்தினா காலையில பால் பாலாவே இருக்கு. என்ன செய்யணும்?

ஜனவரி இரவில் உதகையில் வெளியே 5–6 டிகிரிக்கு இறங்கும். வீட்டுக்குள் சமையலறை 14–15 டிகிரி என்று வைத்துக்கொள்ளலாம். எவர்சில்வர் பாத்திரத்தை மேடையில் வைத்தால், 43 டிகிரியில் ஊற்றிய பால் மூன்று மணி நேரத்தில் 19 டிகிரிக்கு வந்துவிடும். இரவு 9 மணிக்கு ஊற்றினால் நள்ளிரவிலேயே பாக்டீரியாக்கள் ஏறக்குறைய தூங்கிவிட்டன. காலை 6 மணிக்குப் பாலில் லேசான புளிப்பு வாடை மட்டும் இருக்கும். எனவே செய்ய வேண்டியது ஒன்றுதான்: முதல் 6 மணி நேரம் பாலை 30 டிகிரிக்குக் கீழே இறங்கவிடாமல் பிடித்து வைப்பது.

அரை லிட்டர் பாலைக் காய்ச்சி, பொங்கியதும் தீயைக் குறைத்து 8 முதல் 10 நிமிடம் அப்படியே கொதிக்கவிடுங்கள், அவ்வப்போது கிளறிக்கொண்டு. இப்படிச் செய்தால் பாலிலுள்ள மோர்ப்புரதங்கள் உருமாறிக் கேசினோடு ஒட்டிக்கொள்ளும். தயிர் சீக்கிரம் உறைவதற்காக இல்லை, கெட்டியாக நிற்பதற்காக இது. பொங்கியதும் இறக்கிய பாலில் வரும் தயிர் கரண்டி பட்டதும் தண்ணீர் விடும்.

பால் ஆறும் நேரத்தில், மூடியோடு கூடிய ஹாட்பேக்கில் கொதிக்கும் தண்ணீரை நிரப்பி மூடி வையுங்கள். இதை விட்டுவிடுபவர்கள்தான் "ஹாட்பேக்கிலும் உறையவில்லை" என்கிறார்கள். 15 டிகிரியில் கிடந்த ஹாட்பேக்கின் உட்சுவர் பாலின் சூட்டில் ஒரு பங்கைக் குடித்துவிடும்.

பால் 43 டிகிரிக்கு வந்ததும் ஹாட்பேக்கில் இருக்கும் தண்ணீரைக் கொட்டித் துடைத்துப் பாலை ஊற்றுங்கள். இரண்டு டீஸ்பூன் உறைமோரைத் தனிக் கிண்ணத்தில் ஒரு கரண்டி வெதுவெதுப்பான பாலோடு கட்டியில்லாமல் அடித்து, அதைப் பாலில் ஊற்றி, கரண்டியால் அடிவரை நாலைந்து முறை கலக்குங்கள். கட்டியாக விழுந்த உறைமோர் அடியில் தங்கி, கீழே கெட்டியும் மேலே பாலுமாக நிற்கும். மூடி, தடித்த துண்டிலோ கம்பளியிலோ சுற்றி, தரையில் வைக்காமல் அலமாரிக்குள் வைத்து மூடிவிடுங்கள்.

இப்படி வைத்தால் 6 மணி நேரத்துக்குப் பிறகும் பால் 30 டிகிரியை ஒட்டி இருக்கும். இரவு 9 மணிக்கு ஊற்றியது காலை 5–6 மணிக்கு உறைந்திருக்கும். ஹாட்பேக் பாதிக்கு மேல் நிறைய வேண்டும். இரண்டு லிட்டர் ஹாட்பேக்கில் கால் லிட்டர் பால் ஊற்றினால் காலியிடம் சூட்டை இழுத்துக்கொள்ளும்.

ஹாட்பேக் இல்லையே?

பிரஷர் குக்கரில் இரண்டு டம்ளர் தண்ணீரைக் கொதிக்கவைத்து, தண்ணீரைக் கொட்டிவிட்டு, சூடு தாங்கக்கூடிய அளவுக்கு இறங்கியதும் உறை ஊற்றிய பாத்திரத்தை உள்ளே ஒரு தட்டின் மேல் வைத்து மூடுங்கள். அல்லது மைக்ரோவேவ் அவனை ஓடவிடாமல், உள்ளே ஒரு டம்ளர் கொதிநீரோடு பாத்திரத்தையும் வைத்துக் கதவை மூடுங்கள். மூன்று மணி நேரம் கழித்து அந்தத் தண்ணீரை மட்டும் மாற்றலாம். அரிசி டப்பாவுக்குள் புதைத்து வைப்பதும் நல்ல வழிதான். அரிசி சூட்டை வெளியே விடாது.

சென்னையில மே மாசம். ராத்திரி உறை ஊத்தினா காலையில புளிச்சுப்போய், மேல தண்ணி நிக்குது.

தயிர் உறைந்து முடிந்தபிறகும் பாக்டீரியாக்கள் வேலையை நிறுத்துவதில்லை. மே மாத இரவில் சென்னைச் சமையலறை 31–32 டிகிரி இருக்கும். 40 டிகிரிப் பாலில் ஒரு டீஸ்பூன் உறைமோரை 10 மணிக்கு ஊற்றினால் 3 மணிக்கே உறைந்துவிடுகிறது. நீங்கள் 6 மணிக்கு எழுந்து பார்க்கும்போது தயிர் மூன்று மணி நேரமாகப் புளித்துக்கொண்டிருக்கிறது. புளிப்பு கூடக்கூடக் கேசின் வலை சுருங்கி, தன்னுள் பிடித்திருந்த தண்ணீரைப் பிழிந்து வெளியே தள்ளும். மேலே நிற்கும் மஞ்சள் கலந்த தண்ணீர் அதுதான். கெட்டுப்போனது இல்லை, நேரம் கடந்தது.

இரவில்தான் ஊற்ற வேண்டும் என்றால், எல்லாவற்றையும் மெதுவாக்குங்கள். பாலை முழுக்க ஆறவிட்டு அறைச் சூட்டில் ஊற்றுங்கள். உறைமோரைக் கால் டீஸ்பூனாகக் குறையுங்கள். நாலில் ஒரு பங்காகக் குறைத்தால் இரண்டு தடவை இரட்டிப்பாகும் வேலை கூடுகிறது. இதனால் ஒன்றரை மணி நேரம் போலக் கிடைக்கும், பாலின் ஆரம்பச் சூட்டைக் குறைத்ததில் இன்னும் கொஞ்சம். முடிந்தவரை தூங்கப் போகும் நேரத்தில், 11 மணிக்கு ஊற்றுங்கள். 6 மணிக்கு அப்போதுதான் உறைந்த தயிர் இருக்கும்.

இதைவிட எங்களுக்குப் பிடித்தது கோடையில் காலையில் உறை ஊற்றுவது. 6 மணிக்கு ஊற்றினால் 10:30–11 மணிக்கு உறைந்திருக்கும், நீங்களும் விழித்திருப்பீர்கள். உடனே ஃப்ரிட்ஜுக்குப் போனால் மதியச் சாப்பாட்டுக்குப் புளிக்காத தயிர். உறைந்ததா என்று பார்க்கக் கரண்டியை விடாதீர்கள். பாத்திரத்தை மெல்லச் சாய்த்தால் தயிர் ஒரே பாளமாகச் சுவரை விட்டு விலகி, நிமிர்த்தியதும் திரும்பச் சேர வேண்டும். நடுப்பகுதி மட்டும் தளும்பினால் இன்னும் 20–30 நிமிடம் விடுங்கள். ஃப்ரிட்ஜில் வைத்ததும் புளிப்பு நின்றுவிடாது, நடுப்பகுதி குளிர ஒன்றிரண்டு மணி நேரம் ஆகும். அதனால் நன்றாகக் கெட்டிப்படட்டும் என்று வெளியே காத்திருக்க வேண்டாம். ஃப்ரிட்ஜின் குளிரிலேயே தயிர் இன்னும் இறுகும்.

தண்ணீர்த் தட்டில் பாத்திரத்தை வைத்து ஈரத்துணி சுற்றும் பழைய வழி வேலூர், மதுரை போன்ற வறண்ட வெயிலில் நன்றாக வேலை செய்யும். சென்னையின் புழுக்கத்தில் துணி மெதுவாகத்தான் காயும் என்பதால் ஒன்றிரண்டு டிகிரிக்கு மேல் குறையாது.

குளிர்ல தயிர் கொழகொழன்னு நூல் மாதிரி இழுக்குது. சாப்பிடலாமா?

வாசனையும் ருசியும் சுத்தமாக இருந்தால் சாப்பிடலாம். சில லாக்டிக் பாக்டீரியாக்கள் குறைந்த சூட்டில் மெதுவாக வளரும்போது பிசுபிசுப்பான ஒரு சர்க்கரைப் பொருளை வெளியே விடும். கரண்டியைத் தூக்கினால் நூலாக இழுப்பது அதுதான். ஆனால் இந்தத் தயிரை மறுநாள் உறைக்கு எடுக்காதீர்கள். எடுத்தால் அந்த வகை பாக்டீரியாவே ஒவ்வொரு நாளும் கூடிக்கொண்டுபோகும். வேறு வீட்டிலிருந்து புது உறைமோர் வாங்கி, பாலை இன்னும் சூடாகப் பிடித்து வைத்தால் ஒன்றிரண்டு முறையில் சரியாகிவிடும்.

கசப்பு, அழுகல் வாடை, இளஞ்சிவப்பு அல்லது பச்சை நிறம், தயிருக்குள் நிறையக் காற்றுக்குமிழ்த் துளைகள் என்று எது இருந்தாலும் கொட்டிவிடுங்கள். அங்கே வேறு கிருமி புகுந்திருக்கிறது.

டொரொன்டோவில் இருக்கோம். கடை யோகர்ட்டை உறையா ஊத்தினா வெளியில வெச்சு உறையவே மாட்டேங்குது.

கடை யோகர்ட்டில் பெரும்பாலும் இருப்பவை ஸ்ட்ரெப்டோகாக்கஸ் தெர்மோஃபிலஸ், லாக்டோபேசில்லஸ் பல்கேரிகஸ் என்ற இரண்டும். இவற்றுக்குப் பிடித்த சூடு 40–45 டிகிரி. ஹீட்டர் ஓடும் வீட்டின் 20–21 டிகிரியில் இவை மிகவும் மந்தம். நம் வீட்டு உறைமோரில் மிதமான சூட்டில் வளரும் வகைகளும் கலந்திருப்பதால் அது 25–30 டிகிரியிலும் மெதுவாகவாவது உறையும். இந்த யோகர்ட்டுக்கு அந்தச் சலுகை கிடையாது.

எனவே பாலை 43–44 டிகிரியில் உறை ஊற்றி, அதே சூட்டில் பிடித்து வைக்க வேண்டும். ஓவனைச் சூடாக்காமல் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு உள்ளே வைப்பது எளிது, ஆனால் ஓவனுக்கு ஓவன் அந்தச் சூடு மாறும் என்பதால் முதல் தடவை ஒரு தண்ணீர்ப் பாத்திரத்தை வைத்து அளந்து பாருங்கள். யோகர்ட் வசதி உள்ள மின்சாரக் குக்கர் இருந்தால் 5 முதல் 7 மணி நேரத்தில் முடிந்துவிடும். வாங்கும் யோகர்ட்டில் சர்க்கரை, பழம், ஜெலட்டின் இல்லாமல், உயிருள்ள பாக்டீரியா இருப்பதாக அட்டையில் எழுதியிருக்க வேண்டும்.

பச்சை மிளகாய்க் காம்பு போட்டா குளிர்ல சீக்கிரம் உறையுமா?

நல்ல உறைமோர் ஊற்றியபிறகு காம்பு போடுவதால் நேரம் குறையாது. காம்பில் இயற்கையாகவே லாக்டிக் பாக்டீரியா ஒட்டியிருக்கும் என்பதால், உறைமோரே இல்லாதபோது அது கைகொடுக்கும். வெதுவெதுப்பான அரை லிட்டர் பாலில் கழுவிய நாலைந்து மிளகாயைக் காம்போடு மூழ்கவைத்து, சூடு குறையாமல் 10–12 மணி நேரம் வைக்க வேண்டும். முதலில் வருவது தளர்வாகத்தான் இருக்கும். அதை உறையாக வைத்து மறுநாள் ஊற்றுவதே தயிர்.

மண்சட்டியில ஊத்தலாமா?

கோடையில் தாராளமாக. சட்டி தண்ணீரை உறிஞ்சுவதால் தயிர் கெட்டியாகும், ஈரம் ஆவியாவதால் புளிப்பும் தள்ளிப்போகும். இதே குணம் குளிரில் எதிராக வேலை செய்யும் என்பதால் 22 டிகிரிக்குக் கீழே வேண்டாம்.

10 மணி நேரம் ஆச்சு, இன்னும் உறையல. காப்பாத்த முடியுமா?

ஒரு சுத்தமான ஸ்பூனில் எடுத்து ருசி பாருங்கள். லேசாகப் புளித்திருந்தால் வேலை நடந்துகொண்டிருக்கிறது, சூடுதான் போதவில்லை. பெரிய பாத்திரத்தில் 45 டிகிரித் தண்ணீர் ஊற்றி, அதற்குள் பால் பாத்திரத்தைக் கலக்காமல், குலுக்காமல் இறக்கி மூடுங்கள். தண்ணீர் பாலின் மட்டத்துக்கு இருக்கட்டும். முக்கால் மணிக்கு ஒருமுறை வெளித்தண்ணீரை மட்டும் மாற்றினால் 2 முதல் 3 மணி நேரத்தில் உறையும். அடுப்பில் மட்டும் வைக்காதீர்கள். புளிப்பு ஏறிய பால் சூடானதும் திரிந்து திப்பி திப்பியாகிவிடும்.

பால் இன்னும் இனிப்பாகவே, புளிப்பே இல்லாமல் இருந்தால், உறைமோர் செத்துவிட்டது என்று பொருள். அமிலம் ஏறாத பால் அத்தனை மணி நேரம் வெதுவெதுப்பில் கிடந்தால் வேறு கிருமிகள் பெருகியிருக்கும். மறுபடி உறை ஊற்றிப் பார்க்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். அடுத்த முறை வேறு உறைமோரில் ஊற்றியும் இதே கதை என்றால், அந்தப் பாலைச் சந்தேகப்படுங்கள். மாட்டுக்குக் கொடுத்த ஆன்டிபயாடிக் மருந்து பாலில் மிச்சம் இருந்தால் உறையாது. அதே உறைமோரை வேறிடத்துப் பாலில் கால் லிட்டருக்கு ஊற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்.